புதுப்பிப்பு: ஒரே தியேட்டர், தொப்புள் தையலில் சீழ்

நான் முன்பு கேட்டது: "ஜூன் 4 பித்தப்பை, ஜூன் 6 குடல்வால், ஜூன் 11 குடலிறக்கம். மூன்றும் லேப்ராஸ்கோப்பி, ஒரே தியேட்டர். மூவருக்கும் தொப்புள் தையலில் சீழ், கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. எங்கே தேடுவது?"

ஜூன் 13-இல் பித்தப்பை எடுத்தவரும் நேற்று வந்துவிட்டார். நால்வருக்குமே ஆறின தையல், நாலு வாரம் கழித்துத்தான் கட்டியாகி உடைந்திருக்கிறது.

சர்ஜன் கையைச் சந்தேகித்தவருக்கு: சோதித்தோம். ஆனால் அவரே அங்கே செய்த திறந்த அறுவைகளில் ஒருவருக்கும் சீழில்லை. சிசேரியன் தையல் மூன்றாம் நாளே பிரிந்தது என்று எழுதிய அக்கா, உங்களுடையது வேறு கதை. உங்கள் டாக்டரிடமே காட்டுங்கள்.

வழி காட்டியது மைக்ரோபயாலஜி அண்ணன்தான். "நாற்பத்தெட்டு மணி நேரத்தில் கல்ச்சர் தட்டைத் தூக்கிப் போடாதீங்க, ஒரு வாரம் வையுங்க" என்றார். ஐந்தாம் நாள் வளர்ந்தது மைக்கோபாக்டீரியம் செலோனே. தண்ணீரில் வாழும் கிருமி.

கருவி கழுவும் இடத்தில் நின்று பார்த்தேன். லேப்ராஸ்கோப்பியில் திசுவைப் பிரிக்கும் டிசெக்டரைக் கழற்றாமலே குளூட்டரால்டிஹைடில் இருபது நிமிடம் ஊறவைத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசினார்கள். உறையைக் கழற்றச் சொன்னேன். உள்ளே காய்ந்த ரத்தம், பழுப்புத் தோலாக. வயிறு கலங்கிவிட்டது. அந்த மருந்தில் முழுக் கிருமிநீக்கத்துக்குப் பத்து மணி நேரம் வேண்டும், அதுவும் சுத்தமான கருவிக்கு.

இப்போது கழற்றித் தேய்த்து ஆட்டோகிளேவ்தான். நால்வருக்கும் கிளாரித்ரோமைசின், மாதக்கணக்கில். ஒருவருக்குக் கட்டியை வெட்டியெடுக்க வேண்டியிருக்கும். அலசும் தண்ணீரின் கல்ச்சர் இன்னும் வரவில்லை. ஜூனில் அங்கே லேப்ராஸ்கோப்பி செய்த மற்றவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.