ஆட்குறைப்பு மதிப்பெண் தாள்: ஒரே ஒரு அளவுகோலால் பெயர் மாறுகிறது, எப்படிப் பதிவு செய்வது?

கிளமெண்டி மனிதவளம்

வணக்கம். சிங்கப்பூரில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். சுங்க ஆவணப் பிரிவில் எட்டுப் பேர். வேலையில் பாதி கணினிக்குப் போய்விட்டதால் இனி ஐந்து பேர் போதும் என்று நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது. எட்டுப் பேருக்கும் ஒரே பதவிப் பெயர், ஒரே வேலை. எனவே மூவரை மதிப்பெண் போட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிரிவு மேலாளர் தாளை நிரப்பி அனுப்பினார். எஞ்சும் வேலைக்கான திறனுக்கு 40, ஆண்டு மதிப்பீட்டுக்கு 30, 'மனப்பான்மை'க்கு 30. பட்டியலின் விளிம்பில் இரண்டு பேர். 'அ' என்பவருக்கு 34 + 24 + 8 = 66. 'ஆ'வுக்கு 26 + 21 + 24 = 71. அதனால் 'அ' போகிறார், 'ஆ' இருக்கிறார். 'அ'வுக்கு 51 வயது, 14 ஆண்டு சேவை. மனப்பான்மையை எடுத்துவிட்டால் 58க்கு 47 என்று தலைகீழாகிறது. அந்த 8 எப்படி வந்தது என்று கேட்டால், "அவரோடு வேலை பார்த்தால் தெரியும்" என்கிறார் மேலாளர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மகப்பேறு விடுப்பில் இருந்து இப்போதுதான் திரும்பிய ஒருவருக்குக் கடந்த ஆண்டு மதிப்பீடே இல்லை. அந்தக் கட்டத்தில் 0 என்று போட்டிருக்கிறார். நாளை யாராவது கேள்வி கேட்டால் இந்தத் தாளைக் காட்ட முடியுமா?

தோபாயோ ராஜா

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? வேலை நியமனச் சட்டப்படி முன்னறிவிப்பு கொடுத்து அனுப்பினால் காரணமே சொல்ல வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவருக்கு நான்கு வாரம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால் அதன்படி. தாள் எழுதினால்தானே வம்பு, எழுதாதீர்கள்.

பழைய மனிதவளக்காரி

ராஜா சொன்னதில் பாதி சரி. காரணம் சொல்லாமல் முன்னறிவிப்போடு நிறுத்தினால், அது தவறான பணிநீக்கம் அல்ல என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த இடத்தை மறுபடி நிரப்பும் எண்ணம் இல்லாமல் அனுப்பினால், பெயர் எதுவாக இருந்தாலும் மனிதவள அமைச்சு அதை ஆட்குறைப்பாகவே பார்க்கும். குறைந்தது பத்துப் பேர் உள்ள நிறுவனம் என்றால், ஊழியரிடம் சொன்ன ஐந்து வேலை நாளுக்குள் அமைச்சுக்கும் தெரிவித்தாக வேண்டும், ஒருவரே போனாலும் சரி. போகிறவர் கடைசி வேலை நாளில் இருந்து ஒரு மாதத்துக்குள், வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் டிஏடிஎம்மில் முறையிடலாம். அங்கே "ஏன் இவர், ஏன் அவர் இல்லை" என்பதுதான் கேள்வி. தாள் இல்லாவிட்டால் அந்த இடத்தில் மேலாளரின் ஞாபகம்தான் மிஞ்சும்.

கிளமெண்டி, உங்கள் தாளில் மூன்று அளவுகோல் இருப்பது போலத் தெரிகிறது. உண்மையில் முடிவெடுப்பது ஒன்றுதான், அதற்கோ ஆதாரம் இல்லை. 14 ஆண்டில் அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமாவது உண்டா? மதிப்பீட்டில் 24 வாங்கியவர் மனப்பான்மையில் 8 வாங்கினால், படிக்கிறவர் மனத்தில் முதலில் ஓடுவது வயதுதான்.

திறனுக்கான 40ஐயும் பாருங்கள். 34 என்றால் என்ன, 26 என்றால் என்ன என்று மதிப்பெண் போடும் முன்பே எழுதியிருக்க வேண்டும். கட்டுப்பாட்டுச் சரக்கு உட்பட டிரேட்நெட் என்ற சுங்க இணைய முறையில் எந்த அனுமதியையும் தனியாக முடிப்பவருக்கு 31 முதல் 40, வழக்கமான அனுமதிகளை மட்டும் தனியாகச் செய்பவருக்கு 21 முதல் 30, மேற்பார்வை தேவைப்பட்டால் அதற்குக் கீழே. இப்படி இரண்டு மூன்று வரி போதும். வேறு ஒரு மேற்பார்வையாளரும் தனியாகப் போட்டுப் பார்க்கட்டும். இருவருக்கும் பெரிய வித்தியாசம் வந்தால், ஏன் என்று பேசி அதையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

மகப்பேறுக்குப் போனவருக்கு 0 கூடவே கூடாது. விடுப்புக்கு முந்தைய முழு ஆண்டு மதிப்பீட்டை எடுங்கள், அப்படி எடுத்ததைக் குறிப்பிடுங்கள். இல்லாத மதிப்பீட்டைப் பூஜ்யமாக்கினால், விடுப்பு எடுத்ததற்கே மதிப்பெண் குறைத்ததாகிவிடும்.

செங்காங் மீனா

நான் போன மாதம் ஆட்குறைப்பில் போனேன். ஆறு ஆண்டு சேவை, ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பளம் கொடுத்தார்கள். குறைவா?

பழைய மனிதவளக்காரி

மீனா, தொகையைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை. ஒப்பந்தத்திலோ கூட்டு ஒப்பந்தத்திலோ இருந்தால் அதுதான். இல்லாவிட்டால் வழக்கம் ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரை. உங்களுக்குக் கிடைத்தது அதன் கீழ் எல்லை. தனி இழை தொடங்கினால் விவரமாகப் பேசலாம்.

ஜூரோங் ஷிப்ட்

எங்கள் ஆலையில் தொழிற்சங்கம் உண்டு. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவார், முடிந்தது கதை. மதிப்பெண்ணும் இல்லை, சண்டையும் இல்லை.

பழைய மனிதவளக்காரி

தெளிவான முறைதான், மறுக்கவில்லை. ஆனால் கிளமெண்டியின் பிரிவில் புதிய கணினி முறை தெரிந்தவர்கள் கடைசியாகச் சேர்ந்தவர்களாக இருந்தால், மிஞ்சும் வேலையைச் செய்ய ஆள் இருக்காது. மதிப்பெண் சமமாக வந்தால் சேவைக் காலத்தை வைத்து முடிவெடுக்கலாம். அதையும் முன்கூட்டியே எழுதி வைத்தால்தான் செல்லும்.

கிளமெண்டி மனிதவளம்

மேலாளரிடம் பேசினேன். மனப்பான்மையை எடுக்கச் சம்மதித்தார், ஆனால் அந்த 30க்கு வேறு ஏதாவது வேண்டும் என்கிறார். கூடுதல் நேரம் வேலை பார்க்கத் தயாராக இருப்பதை வைக்கலாம் என்றார். அப்புறம் பழைய தாளை அழித்துவிட்டு, புதியதில் போன மாதத் தேதி போடச் சொன்னார்.

பழைய மனிதவளக்காரி

தேதியை மாற்றாதீர்கள். எக்செல் கோப்பு எப்போது உருவானது என்பது அந்தக் கோப்பிலேயே இருக்கும், உங்களுக்குள் போன மின்னஞ்சலிலும் இருக்கும். பழைய தாள் அப்படியே இருக்கட்டும். "ஆதாரம் இல்லாததால் இந்த அளவுகோல் நீக்கப்பட்டது" என்று இன்றைய தேதியோடு ஒரு குறிப்பு எழுதிக் கூட வையுங்கள். திருத்தம் வெளியே தெரிந்தால் பரவாயில்லை. மறைத்தது தெரிந்தால் மற்ற கட்டங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கூடுதல் நேரம் வேண்டாம். பிள்ளைகளையும் முதிய பெற்றோரையும் பார்த்துக்கொள்கிறவர்கள்தான் அதில் அடிபடுவார்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், வயதோடு பராமரிப்புப் பொறுப்பையும் பாகுபாடு கூடாத பட்டியலில் வைத்திருக்கிறது.

உங்கள் பிரிவில் ஆவணப் பிழைப் பதிவேடு இருக்குமே? திருப்பி அனுப்பப்பட்ட அனுமதிகள், யார் தயாரித்தது என்று. கடந்த 12 மாதத்தை எடுங்கள். ஆனால் எண்களைப் பார்த்துவிட்டு அளவுகோலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பதிவேட்டைத் திறக்கும் முன், எத்தனை பிழைக்கு எத்தனை மதிப்பெண் என்பதை வேறு பிரிவு மேலாளர் ஒருவர் எழுதிக் கையெழுத்திடட்டும். அதிக அனுமதிகளைச் செய்பவருக்குப் பிழையும் கூடத்தான் வரும், எனவே எண்ணிக்கை வேண்டாம், நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள்.

கிளமெண்டி மனிதவளம்

செய்து பார்த்தோம். 'அ'வுக்குப் பிழைப் பதிவேட்டில் 23, மொத்தம் 81. 'ஆ'வுக்கு 20, மொத்தம் 67. 'ஆ' போகிறவர்கள் பட்டியலுக்குள் வந்துவிட்டார், மகப்பேறில் இருந்து திரும்பியவர் அந்தப் பட்டியலில் இல்லை. போகும் மூவரும் வெவ்வேறு வயது, இனம், ஆண் பெண் இருவரும் உண்டு. மேலாளருக்கு முகம் சரியில்லை. 'அ'வோடு ஒத்துப்போக முடியவில்லை என்பதில் உறுதியாக இருக்கிறார்.

பழைய மனிதவளக்காரி

அது நடத்தை விவகாரம். ஆட்குறைப்புக்கு வெளியே, எழுதி, பேசி, அவருக்கும் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்துப் பார்க்க வேண்டியது. 'ஆ'வின் இடத்துக்குச் சில மாதத்தில் புதிய ஆள் எடுக்க மாட்டோம் என்பதையும் நிர்வாகத்திடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எடுத்தால் இத்தனை தாளும் வீண், வேலை இல்லை என்ற காரணமே பொய்யாகிவிடும்.

தோபாயோ ராஜா

சரி, மதிப்பெண்ணை அந்த மூவரிடமும் காட்டுவீர்களா?

பழைய மனிதவளக்காரி

நான் அவரவர் மதிப்பெண்ணை மட்டும் காட்டுவேன், மற்றவருடையதை அல்ல. காட்டவே கூடாது என்று சொல்லும் வழக்கறிஞர்களும் உண்டு. உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், கிளமெண்டி.

ஜூரோங் ஷிப்ட்

காட்டாமல் விட்டால் கான்டீனில் வேறு கதை ஓடும். எங்கள் சங்கத்தில் அளவுகோல்களை மட்டும் முன்கூட்டியே அறிவிப்பார்கள், மதிப்பெண் வெளியே வராது.