கரகரத்த குரல்தான் துவெந்தேயா?

புதுக்காது: ஆறு மாதமாக ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசை கேட்கிறேன். துவெந்தே, துவெந்தே என்கிறார்களே, தொண்டை கிழியக் கத்துவதைத்தான் அப்படிச் சொல்கிறார்களா?

செவிவழி: ஆமாம், அதுதான். ஸ்பானியக் கவிஞர் லோர்கா 1933-ல் புவெனஸ் ஐரஸ் உரையில் சொன்ன கதையே போதும். காதிஸ் ஊர் மதுக்கடையில் பாடகி பஸ்தோரா பவோன் அருமையாகப் பாடுகிறார், யாரும் அசையவில்லை. ஒருவர் "பாரிஸ் வாழ்க" என்று குத்தலாகச் சொல்கிறார். உடனே பஸ்தோரா எழுந்து ஒரு கோப்பை காட்டமான சாராயத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, எரிந்த தொண்டையோடு பாடுகிறார். அப்போதுதான் துவெந்தே வந்தது. நல்ல குரல் போனால்தான் அது வரும்.

அந்தலூசியப் பித்து: கதை சரி, முடிவு தவறு. கரகரத்த குரலுக்கு அங்கே தனிப்பெயரே உண்டு: அஃபியா. எல் ஃபியோ என்ற பழைய பாடகரின் பெயரிலிருந்து வந்தது. அந்தக் குரலோடு பாடி, எதுவுமே நிகழாத இரவுகள் ஏராளம். பஸ்தோரா அன்று விட்டது தன் தேர்ச்சியின் பாதுகாப்பை. விடுவதற்கு முதலில் அந்தத் தேர்ச்சி கையில் இருக்க வேண்டும்.

தாளம்தட்டி: என் அனுபவம் ஒன்று. சிகிரீயா என்ற ஃபிளமெங்கோ பாடல் வகையைக் கற்றபோது, தொடக்கத்தில் வரும் "ஆய்" என்ற ஓலத்தை உயிர் போகிற மாதிரி இழுத்தேன். ஆசிரியர் கிதாரை நிறுத்திவிட்டார். "வலி இருக்கிறது, காம்பாஸ் எங்கே?" என்றார். காம்பாஸ் என்றால் தாளச் சுற்று. சிகிரீயாவில் அதற்குப் பன்னிரண்டு தட்டு, ஐந்து அழுத்தம்: இரண்டு குட்டை, இரண்டு நெட்டை, மறுபடி ஒரு குட்டை. 2, 2, 3, 3, 2 என்று மேசையில் தட்டிப் பாருங்கள், நொண்டி நடப்பது போல இருக்கும். "ஆய்" எவ்வளவு நீண்டாலும், வரி இந்த நடைக்குள் வந்து விழ வேண்டும். நான் எங்கேயோ விழுந்திருந்தேன்.

செவிவழி: தாளம் பிசகாதது பயிற்சி. பேய் பிடிப்பது வேறு. துவெந்தே என்றாலே வீட்டுக் குட்டிச்சாத்தான்தானே?

அந்தலூசியப் பித்து: சொல்லின் பழைய பொருள் அது, மறுக்கவில்லை. ஆனால் சாவு பக்கத்தில் நிற்கிற உணர்வு, காயத்தின் விளிம்பு என்று அதை விரித்தவர் லோர்கா. ரசிகர்கள் பேச்சில் இன்னொரு சொல்லும் புழங்குகிறது: பெயீஸ்கோ, அதாவது கிள்ளு. ஒரு வரியின் நடுவே சட்டென்று உடம்பில் கிள்ளுவது. எனக்கு அதுதான் நேர்மையான சொல். பாடகரை யார் பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, என்னைக் கிள்ளியது தெரியும்.

செவிவழி: கிள்ளு ஒரு நொடியில் முடிந்துவிடும். பஸ்தோரா அன்று அந்தக் கடையையே உலுக்கினார். அதற்குக் கிள்ளு என்ற சொல் போதாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புதுக்காது: சரி, மேசையில் தட்டிக்கொண்டே ஒரு சிகிரீயாவை மறுபடி கேட்டேன். கத்தல் என்று நினைத்த இடத்தில் கிதார் காத்திருக்கிறது. பாடகி மூச்சு வாங்கி, வரியை மூன்றாம் அழுத்தத்தில் வைக்கிறார். துவெந்தேயா, கிள்ளா, தெரியவில்லை. நான்கு முறை கேட்டுவிட்டேன்.