மூலைவிட்டங்களில் 5 அங்குல வித்தியாசம்: ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். பாலக்கோடு அருகே எங்கள் மனையில் 40 அடிக்கு 30 அடி வீட்டுக்கு முளை அடித்து நூல் கட்டியுள்ளோம். மேஸ்திரி முன்பக்க மூலையில் 3, 4, 5 அடி முக்கோணம் வைத்துத்தான் மூலைமட்டம் பிடித்தார். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தும், இரண்டுமே 50 அடி வரவேண்டிய மூலைவிட்டங்களில் ஒன்று 50 அடி இரண்டரை அங்குலமாகவும் மற்றொன்று 49 அடி ஒன்பதரை அங்குலமாகவும் இருக்கின்றன.

பின்பக்க வலது மூலை சுமார் 2 அடி தாழ்வு என்றாலும், 50 அடியில் அந்த இறக்கம் அரை அங்குலம்தான் மாற்றும் என்பதால், காரணம் அதுவல்ல என்று கருதுகிறேன். சிறிய முக்கோணத்தின் 5 அடிப் பக்கத்தில் கால் அங்குலம் பிசகினாலே இவ்வளவு வித்தியாசம் வந்துவிடும்.

முன்பக்க நூலை அசைக்காமல், பின்பக்க முளைகள் இரண்டையும் நீண்ட மூலைவிட்டம் குறையும் பக்கமாக 3 அங்குலம் நகர்த்தி, பின்னர் 9, 12, 15 அடி முக்கோணத்தால் சரிபார்க்க எண்ணியுள்ளேன். இது சரியான முறைதானா?

தாழ்வான மூலைக்குத் தூக்குக்குண்டு பிடித்து அளக்கும்போது டேப் நடுவில் தொய்கிறது. 50 அடியையும் தொய்வின்றி மட்டமாக எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். கடைக்கால் தோண்டுவதை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.