ராக் டிரம்ஸ் வாசிக்கத் தடிமனான கிராஷ் சிம்பல்தான் வேணுமா?

கரையோரம்: "ராக் அடிக்கிறவனுக்கு மெல்லிசு கிராஷ் ஆகாது, தடிமனா எடுத்தாத்தான் உடையாது"ன்னு போன திரியில இடிமுழக்கம் அண்ணன் எழுதியிருந்தார். 14 இன்ச் ஹை-ஹேட், 20 இன்ச் ரைட், 16லயும் 18லயும் கிராஷ் எடுக்கப் போறேன். அவர் சொன்னபடி வாங்கலாமா?

நாலுகளை: வாங்காதீங்க தம்பி. இதே பேச்சைக் கேட்டு எத்தனை பேர் காசைத் தொலைக்கிறாங்க! கிராஷோட வேலை சட்டுன்னு வெடிச்சு, சட்டுன்னு அடங்குறது. மெல்லிசா இருந்தா லேசா தட்டினாலே முழுசா திறந்துக்கும். தடிமனானதை ஓங்கி அடிச்சாத்தான் திறக்கும். திறந்த பிறகு அடங்காம அடுத்த வரி பாட்டு மேலேயே நிக்கும். சின்ன ஹால்னா பாடுறவர் குரல் கேட்காது.

இடிமுழக்கம்: ஹாலுக்குள்ள வாசிக்கிறவங்க அப்படித்தான் பேசுவாங்க. நான் திறந்தவெளி மேடையில வாசிக்கிறவன். ரெண்டு கிட்டார் ஆம்ப்புக்கு நடுவுல மெல்லிசு கிராஷ் செத்துப்போயிடும். தடிமன்தான் கேட்கும், தடிமன்தான் உடையாது.

நாலுகளை: கேட்கும்கிறது சரி, சுருதி உயரமா இருக்கிறதால வெட்டிக்கிட்டு வரும். உடையாதுங்கிறது எங்கேயிருந்து வந்தது? வளைஞ்சு கொடுக்காத தகட்டுல நேரா இறங்குற அடி முழுக்க ஓரத்துலதான் விழும்.

கல்யாணிபாஸ்: என்னோட 16 இன்ச் ராக் கிராஷ்ல ஓரத்துல விரிசல் விட்டிருக்கு. தடிமனானதுதான். கம்பெனி மோசமோ?

நாலுகளை: ஸ்டாண்டுல எப்படி மாட்டியிருந்தீங்க?

கல்யாணிபாஸ்: தரைக்கு மட்டமா, நெஞ்சு உயரத்துக்கு. ஆடாம இருக்க விங் நட்டை நல்லா முறுக்கிடுவேன்.

நாலுகளை: கம்பெனி மேல பழி போடாதீங்க. மட்டமா உயரத்துல நின்னா ஸ்டிக் ஓரத்தை நேரா வெட்டும். நட்டை முறுக்கினா ஆட இடமில்லாம அந்த அதிர்ச்சி தகட்டுக்குள்ளேயே நிக்கும். உங்க பக்கமா சாய்ச்சு வைங்க, கையால தட்டினா தாராளமா ஆடுற அளவுக்கு நட்டைத் தளர்த்துங்க. ஸ்டிக்கோட தோள்பட்டையால பக்கவாட்டுல சறுக்கி அடிங்க. நடு ஓட்டையையும் பாருங்க. சாவித்துவாரம் மாதிரி ஒரு பக்கம் தேஞ்சிருந்தா ஸ்டாண்டுல பிளாஸ்டிக் குழாய் இல்லாம வாசிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.

இடிமுழக்கம்: ஒருத்தர் தப்பா மாட்டினதை வச்சு தடிமனைக் குறை சொல்லாதீங்க. லெட் செப்லின் டிரம்மர் ஜான் போனம் மெல்லிசு கிராஷா வச்சிருந்தார்? பைஸ்டே கம்பெனியோட 2002 வரிசை, மீடியம். பேர்லயே இருக்கு.

நாலுகளை: மீடியம்னா மீடியம்! ஹெவி இல்லையே. நான் எதிர்க்கிறது ஹெவியை. அவர் செட்டுல பெரிசா இருந்தது ரைட்தான், 24 இன்ச். ரைட்டுல கனம் வேணும், நான் மறுக்கலை. கனமிருந்தாத்தான் ஒவ்வொரு ஸ்டிக் அடியும் தனித்தனியா கேட்கும், பெல்லும் மணியா ஒலிக்கும். மெல்லிசு ரைட்ல எட்டு அடி அடிச்சதும் எல்லாம் ஒரே இரைச்சலா கலந்துடும். ரைட்டுக்குப் பொருந்துற விதியைக் கிராஷுக்குப் போட்டதுதான் உங்க குழப்பம்.

தகரடப்பா: 2002 எல்லாம் எட்டு சதவீத வெள்ளீயம், தகடு வெட்டிச் செய்றது. கத்துக்குட்டி சிம்பலும் அதே உலோகம்தான். 20 சதவீத வார்ப்பு வெண்கலம் வாங்காம இங்க என்ன பேச்சு?

நாலுகளை: அதே உலோகத்துலதான் போனம் வாசிச்சார், உங்களுக்குப் போதலையா? சுத்தியலடியும் கடைசலும் எப்படிங்கிறதைப் பொறுத்தது. வேற திரி ஆரம்பிங்க.

தகரடப்பா: திரியை நீங்கதான் நடத்துறீங்களோ?

கரையோரம்: ஹை-ஹேட் பத்தி யாராவது சொல்லுங்களேன்.

நாலுகளை: பாட்டுல பாதிக்கு மேல கேட்கிறது அதுதான் தம்பி, பணத்தை முதல்ல அதுல போடுங்க. மேல் தட்டு மிதமா, கீழ்த் தட்டு கொஞ்சம் கனமா இருக்கட்டும். பாதி திறந்து அடிச்சா ராக்குக்கு வேண்டிய அந்தச் சீறல் வரும். ரெண்டுமே ரொம்பக் கனமா எடுத்தா ரெக்கார்டிங்ல ஸ்னேர் மைக் முழுக்க ஹை-ஹேட்தான் விழும், மிக்ஸ் பண்றவர் ஸ்னேரை ஏத்தவே முடியாது. காலால மூடுறப்ப 'சிக்'னு வராம அமுங்கினா நடுவுல காத்து மாட்டுதுன்னு அர்த்தம். கீழ்த் தட்டைச் சாய்க்கிற திருகை லேசாத் திருப்பினா சரியாகும். போனம் வச்சிருந்த 15 இன்ச் சவுண்ட் எட்ஜ்ல கீழ்த் தட்டு ஓரமே அலை அலையா இருக்கும், காத்து வெளியேறத்தான். கிராஷை மட்டும் மெல்லிசுக்கும் மீடியத்துக்கும் நடுவுல 16, 18 எடுங்க, ரெண்டையும் கடையில அடுத்தடுத்து அடிச்சுப் பாருங்க.

இடிமுழக்கம்: கடையில அடிச்சா எல்லாம் கேட்கும். மேடைக்கு வா தம்பி, அப்புறம் தெரியும். தடிமன்தான் நிக்கும்.

கல்யாணிபாஸ்: என் விரிசலை என்ன பண்றது? யாருமே சொல்லலையே.

நாலுகளை: விரிசல் முனையில சின்னத் துளை போட்டா பரவுறது கொஞ்ச நாள் தள்ளிப்போகும். வட்டமான கடைசல் கோட்டுக்குள்ள இறங்கியிருந்தா அதுவும் உதவாது.

இடிமுழக்கம்: கல்யாணிபாஸ் வச்சிருந்தது ராக் கிராஷே இல்லைன்னு நினைக்கிறேன். படம் போடச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.