பிரீமியர் வைத்தால் முதல் மணி நேரத்துக்கு ஆள் சேருகிறதா?

வணக்கம் நண்பர்களே. எங்கள் கூத்துக் குழுவின் பதிவுகளை யூடியூபில் போட்டு வருகிறேன். போன மாதம் ஒன்றை முதன்முறையாகப் பிரீமியராக வைத்தேன். ஞாயிறு இரவு 7 மணிக்கு என்று குறித்து, கவுண்ட்டவுன் பக்கத்தை 5 நாள் முன்பே திறந்துவிட்டேன்.

நினைவூட்டல் பட்டனை 60 பேர் அழுத்தியிருந்தார்கள். அவர்களுக்கு அரை மணி முன்பும் தொடங்கும்போதும் அறிவிப்பு போகும். 7 மணிக்கு 40 பேர் ஒன்றாக உட்கார்ந்து சாட்டில் பேசிக்கொண்டே பார்த்தார்கள், மனசு நிறைந்துபோனது. ஆனால் முதல் மணி நேரப் பார்வை 150தான். வழக்கமாக நேரடியாக ஏற்றும் வீடியோவுக்கு 200 வரும்.

என் சந்தேகம், 5 நாள் அதிகம். லிங்கை வாட்ஸ்அப்பில் பகிர்ந்த அன்றே வந்தவர்கள் கடிகாரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பட்டனை அழுத்தாதவர்கள் திரும்பவில்லை. தாமதமாக வந்தவர்களுக்கும் வீடியோ நடுவிலிருந்துதான் ஓடத் தொடங்கியது, முதலிலிருந்து பார்க்க அவர்களே பின்னால் தள்ள வேண்டியிருந்தது. ஓடி முடியும்வரை முன்னால் தள்ளவும் முடியாது. 50 நிமிடக் கூத்துக்கு அது கஷ்டம்.

சிறிய சேனல் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: பக்கத்தை எத்தனை மணி நேரம் முன்பு திறக்கிறீர்கள்? அடுத்த பதிவை அன்று காலையே திறந்து, லிங்கை மாலை 6 மணிக்குப் பகிரலாமா?