முருங்கைத்தூள் விளம்பரம்: ஒரு வரிக்கு யோசனை தேவை

வணக்கம். சுன்னாகத்தில் முருங்கை இலைத்தூள் விற்கும் ஒருவரின் காணொளிக்கு வசனம் எழுதுகிறேன். ‘மூன்று கிழமையில் சீனி வருத்தம் மாறும்’ என்ற வரியை வெட்டிவிட்டேன். அதை நம்பி யாராவது மெட்போர்மின் மாத்திரையை நிறுத்தினால்? ‘சரி, வாடிக்கையாளரைச் சொல்ல வைப்போம்’ என்கிறார் தூள் விற்பவர். யார் வாயால் வந்தாலும் அது அதே வாக்குறுதிதானே.

சிக்கல் அடுத்த வரியில்: ‘முகவரானால் மாதம் ஒரு லட்சம் உறுதி’. அவர் காட்டியது ஒரே ஒரு முகவரின் மொத்த விற்பனை. தூள் வாங்கிய காசும் கூரியர் செலவும் கழிக்கவில்லை. ‘வருமானம் மாறுபடும்’ என்று கீழே பொடி எழுத்தில் போட்டாலும் காதில் நிற்பது லட்சம்தான். ஏமாற்றும் விளம்பரத்தை இலங்கையின் 2003ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டமும் தடுக்கிறது.

எல்லா முகவர்களின் கணக்கையும் வாங்கி, நடுத்தரமாக விற்பவர் கையில் மிஞ்சுவதைச் சொல்லலாமா, வருமானப் பேச்சையே விடலாமா? இப்படி எழுதிய அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.