கணக்கில் 72: பதினொன்றில் சயின்ஸா, காமர்ஸா?

தென்றல்: மகள் பத்தாம் வகுப்பில் 423 வாங்கியிருக்கிறாள். தமிழ் 92, ஆங்கிலம் 83, கணக்கு 72, அறிவியல் 85, சமூக அறிவியல் 91. காமர்ஸ் குரூப்தான் வேண்டும் என்கிறாள். நாங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்று நினைத்திருந்தோம். காமர்ஸ் எடுத்தால் பின்னால் வழி அடைபட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சேர்க்கைக்கு இன்னும் இரண்டு வாரம்தான். என்ன செய்யலாம்?

வைகைக்கரை: சயின்ஸிலேயே சேர்த்துவிடுங்கள் அம்மா. சயின்ஸ் படித்தவர் பின்னால் பி.காம். போகலாம், சி.ஏ. எழுதலாம், சட்டம் படிக்கலாம், வங்கித் தேர்வும் எழுதலாம். காமர்ஸ் படித்தவர் இன்ஜினியரிங் பக்கம் திரும்பவே முடியாது. பதினைந்து வயதுப் பிள்ளை சொல்வதை வைத்து ஒரு வழியை ஏன் இப்போதே அடைக்க வேண்டும்?

பிசிக்ஸ் டீச்சர்: வைகைக்கரை சொல்வதில் பாதி சரி. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இல்லாமல் இன்ஜினியரிங் கலந்தாய்வுக்குப் போக முடியாது. ஆனால் மற்ற வழி அவர் சொல்வதுபோல இலகுவாகத் திறந்திருக்காது. அரசு கலைக் கல்லூரிகளில் மொழிப்பாடங்களை விட்டு, மீதி நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை போடுகிறார்கள். பி.காமுக்கு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படித்தவர்களையே முதலில் எடுக்கும் கல்லூரிகள் உண்டு. சயின்ஸில் திணறி 250 வாங்கிவிட்டு பி.காம். கேட்டு நின்றால், காமர்ஸில் 340 வாங்கிய பிள்ளைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

தென்றல், அறிவியல் 85 என்பதை அதிகம் நம்பாதீர்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் படித்ததை அப்படியே எழுதினாலே நல்ல மதிப்பெண் வரும். எனக்குத் தெரிய வேண்டியது அந்த 72 எங்கிருந்து வந்தது என்பதுதான். கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு 14. வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் எட்டு எட்டாக 16. இந்த முப்பதைப் பயிற்சியாலேயே வாங்கிவிடலாம். மீதி எழுபதில்தான் பிள்ளையின் கணக்கு தெரியும். திருப்புதல் தேர்வுத் தாள்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

நெய்தல்: 423 நல்ல மார்க்தானே. பயாலஜி குரூப் எடுத்து நீட் பயிற்சிக்கு அனுப்புங்கள். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது.

தென்றல்: மருத்துவம் எங்கள் பேச்சிலேயே இல்லை. ரத்தத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தலை சுற்றும். டீச்சர், தாள்களைத் தேடுகிறேன்.

ஒரு அப்பா: வைகைக்கரை சொன்ன அதே பேச்சைக் கேட்டுத்தான் என் மகனைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் சேர்த்தேன். பத்தாவதில் அவனுக்குக் கணக்கு 68. பதினொன்று காலாண்டிலேயே இயற்பியலில் தோல்வி. டியூஷனைக் கூட்டினேன், அதட்டினேன். பன்னிரண்டில் கணிதம் 51, இயற்பியல் 58, வேதியியல் 62, கம்ப்யூட்டர் 80. கட்ஆஃப் கணக்கு தெரியும்தானே? கணிதம் முழுதாக 51, மற்ற இரண்டிலும் பாதி, 29, 31. ஆக 200க்கு 111. கடைசியில் மானேஜ்மென்ட் கோட்டாவில்தான் பி.காம். கிடைத்தது. முதல் செமஸ்டரில் மற்ற பிள்ளைகள் இரண்டு வருடமாகப் படித்த கணக்குப்பதிவியலை இவன் பற்று எது, வரவு எது என்று தொடங்கினான். இப்போது நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அந்த இரண்டு வருடம் அவன் என்னோடு சரியாகப் பேசவே இல்லை. அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

வைகைக்கரை: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் என் அக்கா மகன் பத்தாவதில் கணக்கில் 70தான். பன்னிரண்டில் கட்ஆஃப் 170க்கு மேல் வந்தான். எல்லாப் பிள்ளையும் ஒரே வயதில் மலர்வதில்லை. அதோடு, தோழி காமர்ஸ் எடுக்கிறாள் என்பதற்காகக் கேட்கும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

பிசிக்ஸ் டீச்சர்: அப்படியும் நடக்கும், நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மதிப்பெண்ணோடு நிற்காமல் புத்தகத்தைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இரண்டாவது பாடம் இயக்கவியல். வெக்டரும் வகைநுண்கணிதமும் அங்கேயே வந்துவிடும். கணிதப் புத்தகத்தில் இவை இரண்டாம் தொகுதியில்தான் இருக்கின்றன. அதாவது கணித ஆசிரியர் நடத்தும் முன்பே இயற்பியல் வகுப்பில் தேவைப்படும். என் வகுப்பில் முதல் இரண்டு மாதத்தில் பிள்ளைகள் மிரள்வது பெரும்பாலும் இதனால்தான்.

தென்றல், அந்தப் பாடத்தை ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் படிக்கச் சொல்லுங்கள். விடை சரியா தவறா என்று பார்க்காதீர்கள். வராத கணக்கை மறுநாள் தானாக எடுத்து மறுபடி போடுகிறாளா, இல்லை தீர்வைப் பார்த்து எழுதிவிட்டு மூடிவைக்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள்.

பேரேடு: ஆடிட்டர் அலுவலகத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். காமர்ஸுக்கும் அதே சோதனையை வையுங்கள். அடுத்த ஐந்து நாள் கணக்குப்பதிவியல். முதல் போட்டுத் தொழில் தொடங்கியது, கடனுக்குச் சரக்கு வாங்கியது, வாடகை கொடுத்தது என்று பத்து நடவடிக்கை. குறிப்பேட்டில் எழுதி, பேரேட்டில் எடுத்து எழுதி, பற்றும் வரவும் சமமா என்று காட்டும் இருப்பாய்வு போடட்டும். இரண்டு பக்கமும் முதல் தடவையிலேயே சமமாகாது. அப்போது என்ன செய்கிறாள் என்று பாருங்கள். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் 540ஐ 450 என்று இடம் மாற்றி எழுதியிருக்கலாம். வித்தியாசத்தின் பாதித் தொகை எங்காவது இருந்தால் அது பக்கம் மாறி ஏறியிருக்கலாம். இப்படித் துருவித் தேடுவதில் ருசி வந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் காமர்ஸ் ஒத்துவரும். எரிச்சல் வந்தால், 'காமர்ஸ் ஈஸி' என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் வந்திருக்கிறாள்.

இன்னொன்று. காமர்ஸில் நான்காவது பாடம் எது என்று யாரும் கேட்கவில்லை. வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுத்தால் அதிலும் முக்கோணவியல், வகைநுண்கணிதம் வரும். கணக்கிலிருந்து தப்பிக்கக் காமர்ஸ் என்று நினைத்தால் அங்கேயும் மாட்டிக்கொள்வாள். ஆனால் சி.ஏ. ஃபவுண்டேஷனில் நான்கு தாளில் ஒன்று கணிதமும் புள்ளியியலும் கலந்தது. ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் பாதி வேண்டும். அந்த எண்ணம் இருந்தால் வணிகக் கணிதம் நல்லது. கம்ப்யூட்டர் பயன்பாடுகள் எடுத்துவிட்டுப் பிறகு பி.சி.ஏ. போவோரும் உண்டு. அதில் கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

தென்றல்: பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன். திருப்புதல் தாள்களில் டீச்சர் சொன்ன முப்பதில் 28 வாங்கியிருக்கிறாள். மீதி எழுபதில் 44. முக்கோணவியலையும் இயற்கணிதத்தையும் தொடவே இல்லை, வாய்ப்புக் கேள்விகளில் விட்டுவிட்டாள். புள்ளியியலும் அளவியலும் முழுதாகப் போட்டிருக்கிறாள். இயக்கவியலில் மூன்றாம் நாள் புத்தகத்தை மூடிவிட்டாள். இருப்பாய்வு 180 ரூபாய் இடித்தது. இரவு பதினோரு மணிக்கு என்னை எழுப்பி, "அம்மா, வாடகை 90ஐ வரவுப் பக்கம் ஏற்றிட்டேன்" என்றாள்.

பிசிக்ஸ் டீச்சர்: தொடாமல் விட்ட அந்த இரண்டும்தான் எங்கள் பாடத்துக்கு முதல் நாளிலிருந்தே தேவைப்படுவது. நான் காமர்ஸ் என்பேன்.

வைகைக்கரை: மூன்று நாளில் மூடியதை வைத்து முடிவு செய்வதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. நல்ல ஆசிரியர் கிடைத்தால் மாறும். ஆனால் நடு இரவில் தவறைத் தேடிப் பிடித்தாளே, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தென்றல்: காமர்ஸ் விண்ணப்பம் வாங்கிவிட்டேன். அவள் அப்பா இன்னும் முகம் கொடுக்கவில்லை. நான்காவது பாடம்தான் பாக்கி. இயற்கணிதத்தைத் தொடாத பிள்ளைக்கு வணிகக் கணிதம் சரிவருமா, பேரேடு சார்?

பேரேடு: புள்ளியியலை முழுதாகப் போடுகிறவள் என்கிறீர்கள், அதனால் உடனே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் புத்தகத்தில் முதல் பாடம் அணிகளும் அணிக்கோவைகளும். இன்னும் மூன்று நாள் இருக்கிறதே, அதைக் கொடுத்துப் பாருங்கள்.